வெட்டாத மூச்சு

அவளுக்கு அந்த ஸ்டூடியோவில் கத்திரி என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியல் எழுதும்போது மட்டும்தான் யாராவது நினைத்துப் பார்ப்பார்கள். கல்யாண வீடியோ, கம்பெனி விளம்பரம், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எது வந்தாலும் வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. அதிலும் பேச்சு என்றால் கத்திரியை விட்டால் ஆள் கிடையாது. மைக்கில் மனிதர்கள் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு மூச்சு இழுப்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் அது சின்னப் புடைப்பாகத் தெரியும். அவள் அந்தப் புடைப்பைக் கண்ணாலேயே பிடித்து வெட்டி எறிவாள். வெட்டின இடத்தில், யாரும் பேசாதபோது பதிவான அறையின் வெறும் சத்தத்தை எடுத்து நிரப்புவாள். தொப்பையும் மூட்டுவலியுமாக மேடையேறிய சேர்மன், வீடியோவில் மூச்சே தேவைப்படாத மாவீரனாக முழங்குவார்.

"உன் கை பட்டா பொணம்கூட நிறுத்தாம பேசும்டி," என்பார் ஸ்டூடியோ முதலாளி. அதை அவர் பாராட்டாகத்தான் சொல்வார். சம்பள உயர்வு கேட்டால் அந்தப் பாராட்டையே மறுபடி சொல்வார்.

அந்தக் கத்திரி ஒரு படம் எடுத்திருந்தாள். அவளுடைய அண்ணனைப் பற்றிய ஆவணப்படம். அரை மணி நேரத்துக்கு ஒரு நொடி குறைவு. விடுமுறை நாட்களில் எடுத்து, ஸ்டூடியோ மூடிய ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளிக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெட்டித் தொகுத்தது. அதை ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தில் எல்லாப் பெட்டிகளையும் நிரப்பிவிட்டாள். படத்தைப் பற்றி ஒரு வரி, கதைச்சுருக்கம், நீளம், மொழி எல்லாம் முடிந்தன. கடைசியில் ஒரு பெட்டி மட்டும் காலியாக முறைத்துக்கொண்டிருந்தது. அதன் தலைப்பு, 'இயக்குநர் குறிப்பு'.

"குறிப்புதானே, எழுதிட்டா போச்சு," என்று உட்கார்ந்தவள் ஒரு வாரமாக எழுந்திருக்கவில்லை.

எழுதியதை, தன் படத்துக்கும் ஒலி சேர்த்துக் கொடுத்த ஸ்டூடியோ ஒலிப்பதிவாளனிடம் காட்டினாள். அவனுக்குக் காது என்று பெயர். உண்மையிலேயே பெரிய காதுகள்தான், ஆனால் பெயர் வந்தது தொழிலால். அவன் ஒரு வருடம் இதே மாதிரி வேறொரு விழாவில், வந்து குவியும் படங்களை முதல் சுற்றில் பார்த்துக் கழிக்கும் வேலை செய்தவன். படம் பார்த்தே கண் வீங்கிப்போன அனுபவசாலி.

அவன் சத்தமாகப் படித்தான். "'என் அண்ணன் கல் பட்டறையில் வேலைக்குச் சேர்கிறார். சமையல் மேடைக்கான கற்களை அறுத்து மெருகேற்றுகிறார். சில வருடங்களில் அவருக்கு மூச்சுத் திணறல் வருகிறது. மருத்துவமனைக்குச் செல்கிறார்...' போதும் தாயே. இதத்தான் மேல கதைச்சுருக்கத்துல எழுதிட்டியே. அதுக்குத் தனிப் பொட்டி குடுத்திருக்கான்ல. மறுபடி எதுக்கு?"

"நடந்தத சொல்லாம எப்படிடா புரியும்?"

"நடந்தது படத்துல இருக்கு, அவன் பாத்துக்குவான். நீ ஏன் எடுத்த, ஏன் இப்படி எடுத்த, வேற மாதிரி ஏன் எடுக்கல? அதக் கேக்குறான்."

மறுநாள் இன்னொன்று எழுதி வந்தாள். 'சமூகத்தின் மனசாட்சியை உலுக்கவும், உழைப்பவர் உயிரைக் குடிக்கும் முதலாளித்துவத்தின் முகமூடியைக் கிழிக்கவும்...'

"இது நோட்டீஸ்," என்றான் காது. "சுவத்துல ஒட்டலாம். இத அப்படியே தூக்கி எந்தப் படத்துக்கு வேணும்னாலும் வெச்சிக்கலாம். உன் படத்துக்கு மட்டும்தான் பொருந்தும்னு ஒரு வரி காட்டு பாப்போம்."

காட்ட முடியவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபம் காதின் மேல் இல்லை. அதை எங்கே வைப்பது என்று அவளுக்கு நெடுநாளாகவே தெரியாமல் இருந்தது. அண்ணன் பட்டறையில் கல்லைத் தண்ணீர் ஊற்றி அறுத்திருந்தால் தூசி பாதிக்கு மேல் அடங்கியிருக்கும். தண்ணீர் ஊற்றினால் சகதியாகிறது, வேலை தாமதமாகிறது என்று உலர்வாகவே அறுக்கச் சொன்னார்கள். மூக்கில் கட்டிக்கொள்ள அவரவர் வீட்டுத் துணி. கண்ணுக்குத் தெரியும் தூசியைத் துணி தடுக்கும். நுரையீரலுக்குள் போய் உட்காருவது கண்ணுக்குத் தெரியாத தூசி. அது வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, உள்ளே தழும்பு போட்டு, நுரையீரலையே கல்லாக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால் காசநோய் மாதிரியே இருக்கும். எங்கே வேலை பார்த்தாய் என்று ஒரு கேள்வி கேட்டால் வித்தியாசம் விளங்கும். அந்தக் கேள்வியைத்தான் ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. சீட்டில் காசநோய் என்று எழுதினார்கள். காசநோய் என்றால் பட்டறைக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இதைப் போன ஜென்மத்துப் பாவம் என்றாள். போன ஜென்மத்துக்கு எக்ஸ்ரே கிடையாது. இந்த ஜென்மத்து எக்ஸ்ரே அலமாரி மேல்தான் இருந்தது, அதைக் கையில் எடுத்துச் சரியாகப் பார்க்க ஆள் இல்லை.

"சரி, எழுதாத," என்றான் காது. "வாயால சொல்லு. படத்துல ஏன் மியூசிக் போடல? நான் எவ்ளோ கெஞ்சினேன்."

"மூச்சு கேக்காதுல்ல."

"ஏன் மூச்சு கேக்கணும்? நீ மூச்ச வெட்டித்தானே சோறு திங்கிற?"

கத்திரி மெதுவாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில டாக்டர், 'சுருக்கமா சொல்லுப்பா, வெளிய கூட்டம் நிக்குது'ன்னாரு. நஷ்டஈடு விசாரணையில அந்த அதிகாரி, 'இழுக்காம சொல்லு'ன்னாரு. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லி மூச்சு வாங்குறதுக்குள்ள அடுத்த கேள்வி கேட்டாரு. பாதி பதில்தான் ஃபைல்ல ஏறுச்சு. எல்லாரும் அவர வெட்டிட்டாங்கடா. நானும் வெட்டினா?"

காது பேனாவை எடுத்து அவள் முன்னால் தள்ளினான்.

"எழுது. இப்ப சொன்னத."

அன்று மதிய இடைவேளையிலேயே குறிப்பு பிறந்துவிட்டது. சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சுற்றி வந்த தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்.

'பேசுபவர்களின் மூச்சை வெட்டுவது என் பிழைப்பு. வெட்டினால் பேசுபவர் உறுதியானவராகத் தெரிவார். மூச்சே நோயாகிப் போன ஒருவரிடம் அந்த வேலையைச் செய்தால், நோயை மறைக்கும் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிடுவேன். அதனால் இந்தப் படத்துக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு மூச்சையும் நான் வெட்டவில்லை. ஒரு காட்சி எவ்வளவு நீளம் என்பதை நான் முடிவு செய்யவில்லை, பேசுபவரின் நுரையீரல் முடிவு செய்தது. மூச்சின் மேல் எதையும் போர்த்தக் கூடாது என்பதால் இசை இல்லை. அவரை மேலிருந்து பார்த்தவர்கள் போதும் என்பதால் கேமரா அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலேயே இருக்கிறது. பார்ப்பவருக்குப் பொறுமை போனால், போகட்டும். பேசுபவருக்கு எதிரே உட்கார்ந்த அதிகாரிகளுக்கும் அப்படித்தான் போனது. இந்தப் படம் அந்தப் பொறுமையின்மையைப் பற்றியது.'

"அடிப்பாவி," என்றான் காது. அவன் முகம் ஏதோ சொல்ல வந்து விழுங்கிய மாதிரி இருந்தது. அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

வேலை முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாடிப்படி ஏற முடியாததால் தரைத்தளத்தில் ஒரே அறையுள்ள வீட்டுக்கு மாறியிருந்தார்கள். அறையில் நுழைந்ததும் ஆக்ஸிஜன் எந்திரம்தான் வரவேற்கும். ஒரு பெரிய பெட்டி. 'உர்' என்று ஓடிக்கொண்டே, நடுநடுவே ஒரு 'புஸ்' விடும். அதிலிருந்து குழாய் அண்ணனின் மூக்குக்குப் போகிறது. எந்திரத்தின் முகப்பில் ஒரு திருகு. மூச்சு முட்டினால் திருகைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அது அண்ணியின் இலாகா. அடுப்படியில் இருந்தாலும் அவள் கவனம் எந்திரத்தின் மேலேயே இருக்கும். அண்ணன் கையை உயர்த்துவதற்குள் வந்து திருகிவிடுவாள்.

"வாடி... டைரக்டரு," என்றார் அண்ணன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே ஒரு மலை ஏறி இறங்கினார். "அவார்டு... எங்க வெக்க? இடமே... இல்லியே."

"எந்திரத்து மேல வெக்கலாம்," என்றாள் அண்ணி. "சூட்டுல உருகட்டும். படம் எடுத்தா நுரையீரல் திரும்பி வருமா? அந்த டாக்டர் சீட்ட மாத்தி எழுதுவானா?"

"மாட்டான் அண்ணி."

"அப்புறம் எதுக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் கத்திரி ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். தாளை எடுத்துப் படித்தாள். அண்ணி வாசற்படியில் சாய்ந்து கேட்டாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'ஒரு மூச்சையும் நான் வெட்டவில்லை' என்ற இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"வெட்டி... இருக்கியே."

"எங்கண்ணா?"

"தூசி... எப்படி இருக்கும்னு... கேட்டல்ல. அங்க."

அண்ணன் படத்தைச் செல்போனில் பலமுறை போட்டுப் பார்த்திருந்தார். வேறு வேலை என்ன இருந்தது அவருக்கு? படத்தில் அந்த இடத்தில் அவர், 'மாவு மாதிரி இருக்கும், மெத்துன்னு' என்று சொல்லிவிடுகிறார். நடந்தது அதுவல்ல. 'மாவு' என்று ஆரம்பித்தவர் அடுத்த வார்த்தைக்கு முன் நின்றுபோனார். வாய் திறந்திருந்தது. ஒன்றும் வரவில்லை, ஒன்றும் உள்ளேயும் போகவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற அவள், அண்ணன் செத்துவிட்டார் என்றே நினைத்தாள். அண்ணி ஓடி வந்து திருகைக் கூட்டினாள். நெடுநேரத்துக்குப் பிறகுதான் 'மாதிரி' வந்தது.

தொகுப்பு மேசையில் அந்த இடம் வந்தபோது அவளால் பார்க்க முடியவில்லை. கை தானாகப் போனது. பத்து வருடப் பழக்கம். வெட்டினாள். ஒட்டுத் தெரியாமலிருக்க நடுவில் ஒரு மெருகேற்றிய கல்லின் படத்தை வைத்து மூடினாள். செய்துவிட்டு மறந்தும் போனாள். தன் கை செய்ததைத் தன்னிடமே மறைக்கும் அளவுக்குக் கைதேர்ந்த தொழிலாளி அவள்.

"எப்படிண்ணா கண்டுபிடிச்ச?"

அண்ணன் எந்திரத்தைக் காட்டினார். "அதோட... புஸ்ஸு. அங்க ஒண்ணு... கொறையுது." சிரிக்க முயன்றார். "ராத்திரி பகலா... அதத்தானே... கேக்குறேன்."

"பாக்கவே முடியலண்ணா. அதான்."

"டாக்டராலயும்தான்... முடியல." கொஞ்சம் நிறுத்தினார். அண்ணி வந்து திருகைத் தொட்டாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "அவ்ளோ... சுளுவா... பேசுறவன்... நான் இல்ல பாப்பா. அது யாரோ. என்னைய... முழுசா... ஒருத்தனாவது... கேக்கட்டும்."

மறுநாள் காதிடம் போய் நின்றாள். அவன் முதலிலேயே கையைத் தூக்கிவிட்டான்.

"தெரியும். அந்த ஒட்டுக்குச் சத்தத்த பூசிக் குடுத்ததே நான்தான். யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட்டேன்."

"திரும்ப வெக்கணும்."

"வெச்சா அரை மணி நேரத்த தாண்டிரும். பேர் ஓடுறதையும் சேத்துத்தான் கணக்கு. ஒரு நொடி தாண்டினாலும் குறும்படப் பிரிவுல எடுக்க மாட்டான். பெரிய படத்துக்கு நீளம் பத்தாது. நாளையோட கடைசி. பேசாம அந்த வரிய மாத்து. 'கூடியவரை மூச்சை வெட்டவில்லை'ன்னு போடு. கச்சிதமா இருக்கும்."

"கூடியவரைன்னா என்னடா? கூடியவரை தண்ணி ஊத்தி அறுத்தோம்னு பட்டறைக்காரனும்தான் விசாரணையில சொன்னான்."

காது நாற்காலியைத் திரையின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்ப வேற எத வெட்டுவ?"

அவள் படத்தின் தொடக்கத்துக்குப் போனாள். படத்திலேயே அழகான காட்சி அதுதான். பட்டறையின் கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்குகிறது. அதில் தூசி பொன்னாக மிதக்கிறது. மூன்று நாள் காலையில் வெளிச்சுவரில் ஏறி நின்று ஜன்னல் வழியாக எடுத்தது. பார்த்தவர்கள் எல்லாம் அதைத்தான் புகழ்ந்தார்கள்.

"அய்யோ, அதுல கை வைக்காத," என்றான் காது, நிஜமாகவே பதறி. "முதல் சுத்துல பாக்குறவன் அஞ்சு நிமிஷம் பாத்துட்டுத்தான் முழுசா பாக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவான். நானே அப்படித்தான் பண்ணேன். அந்த ஷாட்டுதான் அவன உக்கார வைக்கும். அத எடுத்துட்டு எடுத்தவுடனே ஒரு மனுஷன் மூச்ச இழுத்துக்கிட்டு உக்காந்திருந்தா, பாப்பானா? படம் வெளியவே வராது. அண்ணன முழுசா யாரு கேப்பா அப்புறம்?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் வலித்தது. அழகைக் காட்டி உள்ளே இழுத்து அண்ணனைப் பாதி கேட்க வைப்பதா, முழு அண்ணனை வைத்துவிட்டு ஒருவருமே கேட்காமல் போகும் ஆபத்தை ஏற்பதா? அவள் தாளை எடுத்து மறுபடி படித்தாள். தான் எழுதிய குறிப்பு தன்னையே விசாரித்தது. இந்தத் தூசி ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது? ஸ்டூடியோ முதலாளி வீட்டுச் சமையல் மேடையும் அழகுதான். புதிதாகப் போட்டபோது எல்லோரையும் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். கல்லை விற்பவன் செய்வதைத்தான் அவளும் முதல் நிமிடத்தில் செய்திருந்தாள்.

"இந்த ஷாட்ட எதுக்கு வெச்சேன்னு குறிப்புல எழுதச் சொன்னா என்ன எழுதுவேன்?" என்றாள். "அழகா இருந்துச்சுன்னா?"

வெயில் காட்சியை அவளே தூக்கினாள். மூடியிருந்த கல்லை எடுத்துவிட்டு, அந்த மூச்சைத் திரும்ப வைத்தாள். எந்திரத்தின் 'புஸ்' எண்ணிக்கை சரியாயிற்று. இப்போது படம் தொடங்கியதும் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மறுநாள் படமும் குறிப்பும் போய்ச் சேர்ந்தன. குறிப்பில் ஒரு வரியையும் அவள் மாற்றவில்லை.

விழாவின் முடிவு வருமுன் அண்ணன் போய்விட்டார். ஒரு மத்தியானம், அண்ணி திருகைக் கடைசி வரை கூட்டிய பிறகும். இறப்புச் சான்றிதழில் காசநோய் என்று எழுதினார்கள். கத்திரி சான்றிதழ் கொடுக்கும் மேசை முன் நின்று, "எங்க வேலை பாத்தாருன்னு ஒரு தடவ கேளுங்க சார்," என்று கத்தினாள். "அதெல்லாம் இதுல எழுத இடம் இல்லம்மா, அடுத்த ஆள் வாங்க," என்றார் எழுத்தர். அடுத்த ஆள் வந்தார்.

அதன் பிறகு ஒரு நாள் விழாவிலிருந்து தகவல் வந்தது. படம் தேர்வாகியிருந்தது. காது தரையில் உட்கார்ந்து அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. தகவலின் கீழே ஒரு பத்தி இருந்தது. அண்ணன் இறந்த செய்தி விழாக்காரர்களை எட்டியிருந்தது. கையேட்டில் அச்சிடும் முன் இயக்குநர் குறிப்பில் அதையும் ஒரு வரி சேர்த்துத் தந்தால் பார்வையாளர்களை மிகவும் நெகிழவைக்கும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

"சேத்துரு," என்றான் காது. "உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா அது நடந்தது. நான் ஏன் எடுத்தேன், எப்படி எடுத்தேன்ங்கிறது அதனால மாறல. பாவம்னு நெனச்சுக்கிட்டு உள்ள வந்தா அவங்க அண்ணன கேக்க மாட்டாங்கடா. சாவ பாப்பாங்க."

குறிப்பு உள்ளபடியே இருக்கட்டும் என்று பதில் போட்டாள்.

படத்துக்கு ஒரு வேலைநாள் பிற்பகலை ஒதுக்கியிருந்தார்கள். சின்ன அரங்கம், பாதி நாற்காலி காலி. அண்ணியை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். அண்ணி கையேட்டைப் பிரித்து அந்தக் குறிப்பை விரலால் தொட்டபடி படித்தாள், மடித்துப் பையில் வைத்தாள். விளக்கு அணைந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் திரையில் அண்ணன் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் செல்போனைப் பார்த்தார், அதன் வெளிச்சம் முகத்தில் நீலமாக விழுந்தது. கத்திரி அவர்களைத் திட்டவில்லை. அதைத்தான் எழுதியிருந்தாள்.

'தூசி எப்படி இருக்கும்?' என்று திரையில் அவள் குரல் கேட்டது.

'மாவு,' என்றார் அண்ணன். நின்றார்.

அரங்கில் யாரோ, "சவுண்டு போயிருச்சா?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "ஷ்," என்றார். எந்திரம் ஓடியது. அண்ணனின் வாய் திறந்தே இருந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன, பிறகு அதுவும் நின்றது. செல்போன் வெளிச்சம் அணைந்தது.

கத்திரி பக்கத்தில் திரும்பினாள். அண்ணி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவள் கை இன்னும் வரவில்லை. இருட்டில், இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணியின் வலது கை மேலே எழுந்து, காற்றில் எதையோ பிடித்து, மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தது.